ஒரு விளம்பரம், மூன்று வாசிப்புகள்: எந்தக் குறியியல் முறையைத் தேர்வது?

ஒரு விளம்பரத்தைக் குறியியல் நோக்கில், அதாவது படமும் சொல்லும் எப்படி அர்த்தம் தருகின்றன என்ற நோக்கில், ஆராயச் சொன்னால் பலரும் முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். விளம்பரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது, அது எதையோ உணர்த்துகிறது என்றும் தெரிகிறது. அந்த 'எதையோ' எப்படி வெளியே எடுப்பது என்பதில்தான் குழப்பம். பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் காட்டிய அடுக்கு வாசிப்பா, உறுப்புகளை மாற்றிப் பார்க்கும் சோதனையா, எதிர்நிலைகளை நான்கு மூலைகளில் வைக்கும் குறியியலாளர் கிரேமாஸின் சதுரமா? ஊடகவியல் மாணவர், விளம்பர நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், வகுப்பில் இதைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர் என்று வாசகர்கள் பலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மூன்றையும் ஒரே விளம்பரத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

நான் எடுத்துக்கொள்வது கைக்கடிகார நிறுவனமான படேக் ஃபிலிப் 1996இல் தொடங்கிய 'தலைமுறைகள்' விளம்பர வரிசை. ஒரு தந்தை, ஒரு மகன், இருவரும் நெருக்கமாக இருக்கும் ஒரு கணம். தொடக்க ஆண்டுகளின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. தனியே கடிகாரத்தின் படம். அதனுடன் ஒரு வாசகம்: இந்தக் கடிகாரம் ஒருபோதும் உங்களுக்குச் சொந்தமாவதில்லை, அடுத்த தலைமுறைக்காக அதைப் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எனக்கு முக்கியமாகப் படும் அளவுகோல்கள் நான்கு. நீங்கள் தவறாக வாசித்தால் அந்த முறை உங்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்குமா என்பது முதலாவது. எவ்வளவு பொருளும் நேரமும் வேண்டும், ஒரே ஒரு விளம்பரம் போதுமா, பக்கத்தில் வைக்க இன்னும் சில வேண்டுமா என்பது அடுத்தது. காணொளிக்குப் பொருந்துமா என்பது மூன்றாவது. கடைசியாக, பார்ப்பவரின் பண்பாட்டைக் கணக்கில் கொள்கிறதா, அல்லது ஆய்வாளரின் பண்பாட்டையே எல்லோருடையதாகவும் எடுத்துக்கொள்கிறதா.

இவற்றில் முதல் அளவுகோலுக்கே அதிக எடை தருகிறேன். குறியியல் கட்டுரைகளின் பெரிய நோய் மறுக்க முடியாத வாசிப்புதான். சிவப்பு நிறம் ஆசையைக் குறிக்கிறது என்று எழுதிவிட்டால் யாரால் இல்லை என்று நிரூபிக்க முடியும்?

## பார்த்தின் அடுக்கு வாசிப்பு

1964இல் பார்த் எழுதிய கட்டுரை பன்சானி என்ற பிரெஞ்சுப் பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்துக்கொண்டது. பாதி திறந்த வலைப்பையிலிருந்து பாஸ்தா பொட்டலங்களும் தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் வெளியே விழுந்துகிடக்கின்றன. பின்னணி சிவப்பு. அவர் மூன்று செய்திகளைப் பிரித்தார். எழுத்தில் இருப்பது ஒன்று. படத்தில் அப்படியே தெரியும் பொருள்கள், அதாவது நேர்ப்பொருள், இன்னொன்று. அந்தப் பொருள்கள் கிளப்பும் பண்பாட்டு அர்த்தம், அதாவது குறிப்புப்பொருள், மூன்றாவது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும், தக்காளியும் குடைமிளகாயும், நிறுவனப் பெயரின் ஒலியும் சேர்ந்து 'இத்தாலியத்தன்மை' ஒன்றை உண்டாக்குகின்றன என்றார். அதோடு, இது பிரெஞ்சுக்காரர்களிடம் உள்ள அறிவை நம்பி நிற்கிறது, ஓர் இத்தாலியருக்கு இது ஏறக்குறையக் கண்ணில் படாது என்றும் சேர்த்தார். அவரைப் பின்பற்றுபவர்கள் பலரும் அந்தப் பிற்குறிப்பை மறந்துவிடுகிறார்கள்.

கடிகார விளம்பரத்துக்கு இதைப் பொருத்துவோம். நேர்ப்பொருள் தளத்தில் ஓர் ஆண், ஒரு சிறுவன், ஒரு கடிகாரம், ஒரு வாக்கியம். குறிப்புப்பொருளுக்கு வரும்போது கறுப்பு வெள்ளை, பழைய குடும்ப ஆல்பத்தையும் கலைப் புகைப்படத்தையும் ஒருசேர நினைவூட்டுகிறது. தந்தையின் கவனம் மகன் மேல் இருப்பதால் நாம் விற்பனைக்கு அழைக்கப்பட்டவர்களாக உணர்வதில்லை, ஒரு தனிப்பட்ட கணத்தை எட்டிப் பார்ப்பவர்களாகிறோம். அவசரமோ உழைப்பின் களைப்போ எங்கும் இல்லை.

இங்கே வாசகத்தின் வேலையைக் கவனிக்க வேண்டும். அதை மறைத்துவிட்டால் அதே புகைப்படம் ஆயுள் காப்பீட்டுக்கும் பள்ளிக்கும் சவரப் பசைக்கும் பொருந்தும். படத்தின் பல அர்த்தங்களில் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்தும் இந்த வேலையைப் பார்த் 'நங்கூரம்' என்றார்.

அடுத்த படி தொன்மம். வரலாற்றில் மனிதர்கள் உருவாக்கிய ஒன்றை இயற்கையானது போலக் காட்டுவதே அவர் சொல்லும் தொன்மம். இந்த விளம்பரத்தில் செல்வம் ஒரே குடும்பத்துக்குள் கைமாறுவது தந்தைப் பாசமாக மாறிவிடுகிறது. விலையுயர்ந்த பொருளை வாங்கும் செயல் வாங்குவதாகவே தெரிவதில்லை, கடமையாகிறது. கடமைக்கு யாரும் விலை கேட்பதில்லை.

வாசிப்பு அழகாக இருக்கிறது. மறைந்திருக்கும் செலவும் அங்கேதான். நேர்ப்பொருளிலிருந்து தொன்மத்துக்குத் தாவுவது மிக எளிது, தாவும் இடத்தில் தடுப்பு ஏதும் இல்லை. முன்பே மனத்தில் இருந்த கருத்தைப் படத்தின் மேல் ஒட்டிவிட்டு, அதைப் படத்திலிருந்து எடுத்ததாக நம்பிவிடலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தொன்மம் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் போட்டி நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கீழே வையுங்கள். அங்கும் அப்படியே பொருந்தினால் நீங்கள் வாசித்தது இந்த விளம்பரத்தை அல்ல, ஆடம்பரப் பொருள் என்ற பொதுக் கருத்தை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நேர்ப்பொருள் ஒன்றும் கள்ளமற்ற தளம் அல்ல. பார்த்தே பின்னாளில், 1970இல், நேர்ப்பொருள் என்பது குறிப்புப்பொருள்களில் கடைசியானது மட்டுமே என்று தம் பழைய பிரிவினையைத் தளர்த்திவிட்டார். மேலே 'தந்தை, மகன்' என்று சாதாரணமாக எழுதினேன். படத்தில் இருப்பவர்கள் ஓர் ஆணும் ஒரு சிறுவனும் மட்டுமே. உறவை நாம்தான் சேர்த்தோம்.

ஒரே விளம்பரம், குறைந்த நேரம், விமர்சனக் கட்டுரை என்றால் இந்த முறை போதும். வகுப்பில் முதல் நாள் கற்பிக்கவும் இதைவிட எளிதானது இல்லை.

## மாற்றுச் சோதனை

மொழியியலில் ஓர் ஒலியை மாற்றினால் சொல்லின் பொருள் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். 'பல்', 'கல்' என்ற இரண்டில் மாறியது ஓர் ஒலி, மாறியது பொருளும். மாறினால் அந்த ஒலிக்கு மொழியில் இடம் உண்டு. இதையே படத்துக்குச் செய்வதுதான் மாற்றுச் சோதனை. ஓர் உறுப்பை மட்டும், அதே வகையைச் சேர்ந்த வேறொன்றால் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துவிட்டு, அர்த்தம் நகர்கிறதா என்று கேட்க வேண்டும். நகரவில்லை என்றால் அந்த உறுப்பு இங்கே குறியாக வேலை செய்யவில்லை.

கடிகார விளம்பரத்தில் செய்து பார்ப்போம். சிறுவனின் தலைமுடியைச் சுருட்டையாக்கினால் ஒன்றும் நடப்பதில்லை, பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். கறுப்பு வெள்ளையை வண்ணமாக்கினால் 'எப்போதோ' என்பது போய் 'இப்போது' வந்துவிடுகிறது. படம் ஒரு விடுமுறை நாள் புகைப்படமாகிறது, வாசகத்தின் காலநீட்சிக்குத் துணை குறைகிறது. ஆக நிறமின்மை உண்மையிலேயே வேலை செய்கிறது.

மகனுக்குப் பதில் வயது வந்த நண்பனை வைத்தால் வாசகமே உடைகிறது. மகளை வைத்தால்? வாசகம் உடைவதில்லை, 'அடுத்த தலைமுறை' அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் ஏதோ மாறிவிட்டதை உணர்கிறோம். வாசகம் சொல்லாத 'ஆண்வழி' என்பதைப் படம் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. தாயையும் படத்துக்குள் கொண்டுவந்தால் இன்னும் தெளிவு: கைமாற்றத்தின் படம் குடும்ப மகிழ்ச்சியின் படமாகிவிடுகிறது. தாய் இல்லாதது தற்செயல் அல்ல, அந்த இன்மையே ஒரு குறி.

இவ்வளவும் கற்பனை மாற்றங்கள். இந்த முறையின் உண்மையான பலம், உலகத்தில் ஏற்கெனவே நடந்திருக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதே நிறுவனம் 1999இல் பெண்களுக்காக 'ட்வென்டி ஃபோர்' என்ற கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் விளம்பர வாசகம் ஒரு கேள்வி: அடுத்த 24 மணி நேரத்தில் நீங்கள் யாராக இருப்பீர்கள்? நிறுவனம் அதே, பொருள் வகை அதே, மாறியது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது மட்டும். ஆணுக்குத் தரப்பட்ட காலம் தலைமுறைகள், பெண்ணுக்குத் தரப்பட்ட காலம் ஒரு நாள். ஆண் தொடர்ச்சியாக இருக்கிறான், பெண் மாறிக்கொண்டே இருக்கிறாள். மகனை மகளாக மாற்றியபோது லேசாக உணர்ந்தது இப்போது கையில் பிடிக்கும்படி கிடைத்துவிட்டது. அடுக்கு வாசிப்பு தானாக இங்கே வந்திருக்காது, ஏனென்றால் அது ஒரு விளம்பரத்துக்குள்ளேயே தோண்டுகிறது.

1978இல் பிரிட்டிஷ் விமர்சகர் ஜூடித் வில்லியம்சன் செய்ததும் இந்த வகைதான். சானெல் நம்பர் 5 விளம்பரத்தில் பிரெஞ்சு நடிகை கேத்தரின் டெனவின் முகமும் வாசனைத் திரவியக் குப்பியும் அருகருகே இருக்கின்றன, வேறு எதுவும் இல்லை. அந்த முகத்தின் அர்த்தம் அதற்குள் இல்லை, 'பேப்' என்ற திரவியத்துக்கு வந்த அமெரிக்க மாடல் மார்கோ ஹெமிங்வேயின் முகம் போன்ற பிற முகங்களிலிருந்து அது வேறுபடுவதில் இருக்கிறது என்று காட்டினார். முகங்களுக்கு இடையே ஏற்கெனவே உள்ள வேறுபாட்டைக் கடன் வாங்கித்தான் குப்பிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. குப்பிக்குள் இருக்கும் திரவத்தை அச்சுப் பக்கத்தில் முகர்ந்து பார்க்க முடியாது என்பதை நினைத்தால் இந்தக் கடன் ஏன் தேவை என்பது விளங்கும்.

செலவு என்ன? முதலில், உழைப்பு. ஒரே விளம்பரம் போதாது, அதே நிறுவனத்தின் பழையவையும் போட்டியாளர்களுடையவையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களாவது கையில் இருக்க வேண்டும். அடுத்து, எதை மாற்றுவது என்பதை நீங்களே தேர்கிறீர்கள். உங்கள் பண்பாட்டில் கற்பனைக்கு எட்டாத மாற்றம் சோதனைக்குள் வராது. மூன்றாவது, ஒரே நேரத்தில் இரண்டு உறுப்புகளை மாற்றும் பழக்கம். மகனை மகளாக்கும்போதே படத்தையும் வண்ணமாக்கினால் எது எதைச் செய்தது என்று சொல்ல முடியாது. கற்பனையில் இது தெரியாமலே நடக்கும்: 'மகள்' என்று நினைத்த உடனே மனம் அவளுக்கு வேறு உடை, வேறு இடம், வேறு ஒளி கொடுத்துவிடும். அதனால் மாற்றங்களைத் தாளில் ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது நல்லது.

இந்த முறையைத் தேர வேண்டிய இடங்கள்: ஆய்வேடு, ஒரு விளம்பரத்தின் மேல் வந்த புகாரை ஆராய்வது, புதிய விளம்பரத்தின் இரண்டு வரைவுகளில் ஒன்றைத் தேர்வது. வேறொருவர் வந்து "அந்த உறுப்பு முக்கியமில்லை" என்று சொன்னால், மாற்றிக் காட்டி வாதிட முடிவது இங்கே மட்டும்தான்.

## குறியியல் சதுரம்

கிரேமாஸின் சதுரத்தைப் பார்த்து பயப்படுபவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து, பார்த்ததும் மயங்குபவர்கள். ஓர் எதிர்நிலையை எடுத்து, ஒவ்வொரு முனைக்கும் அதன் மறுப்பைச் சேர்த்தால் நான்கு மூலைகள் கிடைக்கும். எதிரும் மறுப்பும் ஒன்றல்ல என்பதுதான் இதன் உயிர். வெள்ளைக்கு எதிர் கறுப்பு. 'வெள்ளை இல்லை' என்பது மறுப்பு, அதற்குள் சாம்பலும் அடங்கும்.

கடிகார வாசகத்தில் ஒரு முனை 'உடைமையாக்குதல்', அதன் எதிர் 'கையளித்தல்'. முதலாவதின் மறுப்பு 'உடைமையாக்காமை', இரண்டாவதின் மறுப்பு 'கையளிக்காமை'. இப்போது வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். கடை வாசலில் நிற்பவர் முதல் மூலையில் இருக்கிறார். வாசகத்தின் முதல் பாதி அவரை மறுப்புக்கு நகர்த்துகிறது: சொந்தமாவதில்லை. இரண்டாம் பாதி அங்கிருந்து கையளித்தலுக்குக் கொண்டுபோகிறது: அடுத்த தலைமுறைக்காக. எதிர்முனைக்கு நேராகத் தாவாமல் மறுப்பின் வழியாகச் செல்வதுதான் கிரேமாஸ் விவரித்த பாதை, இந்த வாசகம் அதை எழுத்துக்கு எழுத்து நடந்து காட்டுகிறது.

சதுரத்தின் பயன் நான்காவது மூலையில் இருக்கிறது. கையளிக்காமை: மகன் கடிகாரத்தை வாங்கி விற்றுவிடுவது, அல்லது தந்தை கடைசிவரை கொடுக்காமலே இருப்பது. விளம்பரம் அந்த மூலைக்குப் போவதே இல்லை. எது பேசப்படவில்லை என்பதை இவ்வளவு முறையாகக் காட்டும் கருவி மற்ற இரண்டிலும் கிடையாது. போட்டியாளர்கள் யாரும் நிற்காத மூலை எது என்று தேடும் விளம்பர நிறுவனங்களுக்கு இதனால்தான் இது பிடித்துப்போனது. பிரெஞ்சுக் குறியியலாளர் ஜான் மரி ஃப்ளோக் நுகர்வு மதிப்புகளை நடைமுறை, கற்பிதம், விளையாட்டு, கணக்குப் பார்த்தல் என்று நான்காக்கி வணிக ஆய்வுக்குள் கொண்டுவந்தார்.

காணொளிக்கும் இதுவே சிறப்பாகப் பொருந்துகிறது, ஏனெனில் காணொளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் '1984' விளம்பரம் 1984 ஜனவரி 22 அன்று அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே ஒளிபரப்பானது. மொட்டைத் தலைகளோடு வரிசையில் நடக்கும் சாம்பல் நிற மனிதர்கள், பெரிய திரையில் கட்டளையிடும் முகம், வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கால்சட்டையும் அணிந்து ஓடிவந்து சுத்தியலை வீசும் பெண். திரை வெடிக்கிறது. சதுரத்தில் பார்த்தால் 'அடிபணிதல்' மூலையில் தொடங்கி அதன் மறுப்பான 'அடிபணியாமை'யில் முடிகிறது. 'சுதந்திரம்' என்ற எதிர்முனையை அது காட்டவே இல்லை. அமர்ந்திருப்பவர்கள் வாய்பிளந்து ஒளியைப் பார்க்கிறார்கள், எழுந்து நடப்பதில்லை. அந்தப் பெண்ணின் சட்டையில் உள்ள கோட்டுப் படத்தைத் தவிரக் கணினியும் திரையில் வருவதில்லை. கடைசி மூலையை நிரப்பும் வேலை ஜனவரி 24 அன்று வெளிவரும் மெக்கின்டாஷுக்கு விடப்பட்டிருக்கிறது. கதையை முடிக்க வேண்டுமென்றால் பொருளிடம்தான் போக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: சதுரம் எதற்கும் பொருந்திவிடும். எந்த எதிர்நிலையைப் போட்டாலும் நான்கு மூலைகள் நிரம்பும், வரைபடமும் அறிவியல் போலத் தெரியும். முதல் எதிர்நிலையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. நான் 'உடைமை, கையளிப்பு' என்று எடுத்ததற்கு வாசகத்தில் சான்று இருந்தது. 'இளமை, முதுமை' என்று எடுத்திருந்தாலும் சதுரம் வந்திருக்கும், பயனற்ற சதுரமாக. விளம்பரம் காலியாக விட்ட மூலையைத் தவிர, மற்ற மூலைகளில் ஒன்றையாவது விளம்பரத்தின் ஒரு காட்சியையோ சொல்லையோ சுட்டிக் காட்டாமல் நிரப்பியிருந்தால், அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவதே மேல்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அடுக்கு வாசிப்பு | மாற்றுச் சோதனை | குறியியல் சதுரம் |
|---|---|---|---|
| தவறைக் காட்டிக்கொடுக்குமா | அரிதாக | ஆம், இதன் முதன்மைப் பலம் | இல்லை, எதற்கும் பொருந்திவிடும் |
| தேவைப்படும் பொருள் | ஒரே விளம்பரம் | அதே வகையில் பல விளம்பரங்கள் | ஒரு காணொளி, அல்லது போட்டி விளம்பரங்களின் தொகுப்பு |
| காணொளிக்கு | தனித்தனிக் காட்சிகளுக்கு மட்டும் | ஒலி, இசை, காட்சி வரிசை ஆகியவற்றுக்கு நன்று | கதை நகர்வுக்கு மிக நன்று |
| பண்பாட்டுச் சார்பு | ஆய்வாளருடையது நுழைந்துவிடும் | மாற்றுகளைத் தேரும்போது நுழையும் | முதல் எதிர்நிலையில் நுழையும் |
| ஏற்ற வேலை | விமர்சனம், கற்பித்தல் | ஆய்வேடு, புகார், வரைவுத் தேர்வு | வணிக உத்தி, கதையுள்ள விளம்பரம் |

ஒன்றை மட்டும் தேரச் சொன்னால் தயங்காமல் மாற்றுச் சோதனையைத் தேர்வேன். சொற்களஞ்சியத்துக்குப் பார்த் உதவுவார்: நங்கூரம், குறிப்புப்பொருள் போன்றவை இல்லாமல் சோதனையின் முடிவை எழுதுவது கடினம். சதுரத்தைச் சோதனைக்குப் பின் மட்டும் வரைய வேண்டும், மாற்றியபோது எந்த எதிர்நிலை அசைந்ததோ அதைக் கொண்டு. முன்னதாக வரைந்தால் விளம்பரம் சதுரத்துக்கு அடங்கிப்போகும்.

காணொளிக்கு மாற்றுச் சோதனை செய்வது அச்சு விளம்பரத்தைவிட எளிது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். பிறகு திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அடுத்து முற்றிலும் வேறு மனநிலையுள்ள இசையோடு பாருங்கள். கடைசி சில நொடிகளை, அதாவது நிறுவனப் பெயரும் வாசகமும் வரும் பகுதியை, வெட்டிவிட்டு இது என்ன பொருளுக்கான விளம்பரம் என்று தெரியாத ஒருவரிடம் கேளுங்கள். அவருடைய ஊகங்கள் எவ்வளவு சிதறுகின்றனவோ, நங்கூரம் அவ்வளவு வேலை செய்திருக்கிறது.

மூன்று முறைகளுக்கும் எட்டாத ஒன்று இருக்கிறது: பார்த்தவர்கள் உண்மையில் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்பது. அனுப்புபவர் குறியீடாக்கிய அர்த்தத்தைப் பெறுபவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று 1970களில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் பிரித்துக் காட்டினார். தந்தையிடமிருந்து எதுவும் பெறாத ஒருவர் கடிகார விளம்பரத்தை எப்படிப் பார்ப்பார் என்பதை மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. உங்கள் கேள்வி 'இந்த விளம்பரம் மக்களை என்ன செய்கிறது' என்பதாக இருந்தால் மூன்றில் எதைத் தேர்ந்தாலும் போதாது, ஆட்களிடம் பேசியாக வேண்டும். அப்படிப் பேசும்போது 'இந்தப் படம் உங்களுக்கு எதைக் குறிக்கிறது' என்று கேட்காதீர்கள். பள்ளித் தேர்வுக்கு எழுதுவது போலப் பதில் வரும். 'இந்தப் படத்துக்கு முந்தைய நிமிடம் என்ன நடந்திருக்கும், இந்தப் பையன் பெரியவனானதும் கடிகாரத்தை என்ன செய்வான்' என்று கேளுங்கள். 'விற்றுவிடுவான்' என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, சதுரத்தின் நான்காவது மூலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.